ஊறிப்போன ரப்பர்

தாய்லாந்து எல்லையூரான டானோக்கில் எத்தனால் கலந்த பெட்ரோலை நிரப்பி வந்த பரஞ்சோதியின் பழைய பைக், இரண்டு மாதம் வாசலில் சும்மா நின்றது. நேற்றுதான் ஒழுகத் தொடங்கியது. திகாம் பத்து ஊர்ப் பட்டறையில் மெக்கானிக் லோகேஸ்வரன் பெட்ரோல் குழாயைக் கிள்ளிப் பார்த்தான். வெந்த மீ நூடுல்ஸ் போலக் கொழகொழத்தது.

"அண்ணே, பழைய ரப்பர் அந்த எண்ணெய்ல ஊதிப் போச்சு. கார்புரேட்டர் உள்ள ஊசி முனையும் ரப்பர்தான், சரியா மூடாது, பெட்ரோல் வழியும். கழட்டிப் பார்க்கணும்."

"குழாய மட்டும் மாத்துலா! உன்னை விட்டா எஞ்சினையே பிரிச்சிடுவ" என்று பரஞ்சோதி சிரித்தார்.

கணவரின் அந்தச் சிரிப்புக்கு முன்னால் பிரேமாவதிக்கு எப்போதும் வாய் அடைத்துப்போகும். இன்றும் பைக்கருகே ஒதுங்கிக்கொண்டாள். புதுக் குழாய் மாட்டியதும் ஆறு வயது மகள் பின்னால் ஏறிக்கொண்டாள். பரஞ்சோதி பெட்ரோலைத் திறந்துவிட்டார். கார்புரேட்டரிலிருந்து ஒரு சொட்டு வழிந்து, ஓட்டிவந்த சூடு ஆறாத எஞ்சின்மேல் விழுந்து சுர்ரென்றது. அடுத்ததும் விழுந்தது. பரஞ்சோதி கிக்கரில் காலை வைத்தார்.

"அண்ணே, உதைக்காதீங்க!"

"புதுசுலா, அப்படித்தான் கசியும்."

"தேவகி, இறங்கு." அது தன் குரல்தானா என்று பிரேமாவதிக்கே தெரியவில்லை.

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிரேமாவதி அவளை இடுப்போடு வாரித் தூக்கி விலகியபோது பரஞ்சோதி உதைத்தார். பைக் ஒருமுறை இருமியது. அவர் காலுக்கடியில் தீ பற்றிக்கொண்டது.