இடக்கை முடிச்சு

வெள்ளைக் கோட்டுக்குள் போடுகிற சேட்டை இஸ்திரிப்பெட்டியால் முழுதாக மினுக்குகிறவன் ஒன்றில் புது மாப்பிள்ளை, இல்லாவிட்டால் விசரன். கொலரையும் நெஞ்சில் ஒரு சாண் அகலத்தையும் மினுக்கினால் போதும். முதுகும் கையும் எப்படிக் கசங்கிக் கிடந்தால் யாருக்கு என்ன? மருத்துவபீடத்தில் ஐந்து வருசம் படித்ததில் எனக்கு இன்றைக்கும் மறக்காத பாடம் இதுதான்.

ஆனால் டையில் அந்தச் சுத்துமாத்துச் சரிவராது. பயிற்சி டொக்டராக நான் வந்து சேர்ந்த மாவட்ட ஆஸ்பத்திரியில், எங்கள் மருத்துவ வாட்டுக்குப் பொறுப்பான மேடம் முதல் நாளே சொல்லிவிட்டா. காலையில் அவாவோடு கட்டில் கட்டிலாக நோயாளரைப் பார்க்கப் போகும்போது ஆண்களுக்கு டை, பெண்களுக்குச் சீலை. அதற்கு மேல் கோட். கோட்டின் பொத்தான் எல்லாம் பூட்டியிருக்க வேண்டும், டை வெளியே தொங்கக்கூடாது.

என்னோடு வேலை செய்கிற யதுர்ஷிகா விடிய ஐந்தரைக்கு எழும்பிச் சீலையோடு மல்லுக்கட்டுவாள். எனக்கு டை கட்ட மூன்று விநாடி. ஏனென்றால் நான் டை கட்டுவதே இல்லை. ஏற்கனவே கட்டிய டையைத் தலைக்கு மேலால் போட்டு இறுக்குவேன். வேலை முடிந்ததும் தளர்த்தித் தலைக்கு மேலால் கழற்றி ஆணியில் மாட்டுவேன். முடிச்சு அவிழாது.

அந்த முடிச்சைப் போட்டவள் கௌசலா.

மூன்றாம் வருசம், யாழ்ப்பாணத்தில் முதன்முதல் வாட்டுக்குப் போன காலை, நான் டையைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே முழுசிக்கொண்டு நின்றேன். நான் அக்கராயன் என்ற வயல் ஊர்க்காரன். எங்கள் வீட்டில் அப்பா கழுத்தில் போட்டது துவாய் மட்டும்தான். கௌசலா பள்ளிக்கூடத்தில் எட்டு வருசம் டை கட்டினவள். "தா இஞ்ச" என்று பறித்துத் தன் கழுத்தில் போட்டுக் கட்டினாள். பிறகு தளர்த்தி, கழற்றி, என் தலைக்கு மேலால் போட்டு, கொலரைச் சரிசெய்தாள். அவளின் கழுத்துச் சூடு அதில் இருந்தது. அன்றைக்கு எந்த நோயாளியைப் பார்த்தேன், என்ன படித்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அவள்தான் கட்டினாள். மாலையில் வேண்டுமென்றே அவிழ்த்துவிடுவேன். "இன்னும் பழகேல்லையோ?" என்பாள். "பஞ்சியாக் கிடக்கு" என்று சோம்பேறி போல நிற்பேன். ஊரெல்லாம் தெரிந்த பொய். அவளுக்கும் தெரியும்.

கடைசிப் பரீட்சை முடிந்தபின் நியமனத்துக்குக் காத்திருந்த மாதங்களில் அவளின் அண்ணா அவளை லண்டனுக்குக் கூப்பிட்டார். போவதற்கு முதல் நாள் தன் கழுத்தில் என்னுடைய அந்த நீல டையைக் கட்டி, கழற்றி, என் கையில் தந்தாள். "வேலைக்குப் போற முதல் நாளைக்கு. அவிட்டுப்போடாதை, உனக்குத்தான் கட்டத் தெரியாதே." பத்து மாதம் அது அலுமாரிக்குள் இருந்தது. பிறகு நாலு மாதம் என் கழுத்தில் இருந்தது. முதலில் நாளுக்கு நாலு தரம் வந்த அவளின் செய்தி கிழமைக்கு ஒன்றாகி, பிறகு எப்போதாவது என்றானது. அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை என்று எல்லோருக்கும் சொல்லுவேன். காலையில் முடிச்சு இறுகும்போது அவள் இன்னும் கட்டிவிடுகிறாள் என்றே இருக்கும். அது எனக்குப் போதும் போல இருந்தது. இல்லை, போதவில்லை, ஆனால் அதுதான் இருந்தது.

அதனால்தான் நான் கோட்டின் மேல் பொத்தான் இரண்டைப் பூட்டுவதில்லை. மேடம் வரும்போது பூட்டுவேன், போனதும் திறப்பேன். முடிச்சு வெளியே தெரிய வேண்டும். அவ்வளவு புத்தி.

ஒன்பதாம் கட்டிலில் இராயப்பு என்று ஒரு பெரியவர். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரை ஊர். நீரிழிவு என்கிற சீனி வருத்தம், இடக்காலில் ஆறாத புண். நான் குனிந்து புண்ணைப் பார்க்கிற நேரம் ஒருநாள் சொன்னார்.

"தம்பி, உங்கட வால் என்ர காலைத் தொடுது."

யதுர்ஷிகா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டு டையைத் தூக்கிக் கோட்டுக்குள் செருகினேன்.

இன்னொரு நாள் நான் அவரின் கட்டில் விளிம்பில் வைத்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த முடிச்சு நீங்கள் போட்டதில்லை."

"ஏன் ஐயா அப்பிடிச் சொல்லுறியள்?"

"நீங்கள் வலக்கைக்காரன். இது வளம் மாறி மற்றப் பக்கமாச் சுத்திக் கிடக்கு. இடக்கைக்காரர் ஆரோ போட்டது. என்ர மனுசி யூலிற்றாவும் இடக்கைதான். அவா முடிஞ்ச வலையில கை வைச்சால் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். அவா போய் ஆறு வருசம்."

கௌசலா இடக்கைக்காரி. இடக்கையால் எழுதுவாள், இடக்கையால் ஊசி போடுவாள். இரண்டு வருசம் எல்லாரும் பார்த்த டையில் அது ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. இந்த மனுசனுக்குத் தெரிந்தது. அவளைக் கண்ட ஒருவரைக் கண்டது போல ஒரு சந்தோசம். அன்று முதல் ஒன்பதாம் கட்டிலுக்குத் தேவைக்கு அதிகமாகப் போனேன். தேவைக்கு அதிகமாகக் குனிந்தேன்.

அவர் சனிக்கிழமை வீட்டுக்குப் போக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பேத்தி ஆன்சலாவுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. "கோயிலில முன் வாங்கில, முதல் வரிசையில இருக்கவேணும் தம்பி, அதுக்குத்தான் இந்தக் கால்" என்று வாட்டுக்கே சொல்லி வைத்திருந்தார். ஆனால் அந்தக் கிழமைத் தொடக்கத்தில் காய்ந்துகொண்டு வந்த புண் திரும்பவும் கசிந்தது. காய்ச்சலும் வந்தது. புண்ணில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம்.

அதே நாள் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான பத்மாசனி சிஸ்டர் ஒரு பெட்டியோடு வந்தா. அவா சிரித்து யாரும் கண்டதில்லை. "ஆம்பிளை டொக்டர்மார் எல்லாரும் வரிசையில நில்லுங்கோ" என்றா. ஈரப் பஞ்சுக்குச்சியால் ஆறு பேரின் டையையும் மேலிருந்து கீழ்வரை தடவி, ஆறு குழாய்களில் போட்டு, இலக்கம் ஒட்டிக்கொண்டு போனா.

மூன்று நாளில் முடிவு வந்தது. நாலு டையில் கிருமி. என் இலக்கத்தில் வளர்ந்தது வழமையான மருந்துக்கு மசியாத கிருமி. இராயப்புவின் புண்ணில் வளர்ந்ததும் அதே வகை.

சிஸ்டர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டா.

"உங்களிலயிருந்து அவருக்குப் போனதோ, அவரிலயிருந்து உங்களுக்கு வந்ததோ, ரெண்டும் வேற எங்கயோ இருந்து வந்ததோ, இதை வைச்சுச் சொல்லேலாது. ஆனா இது எப்ப தோய்ச்சது?"

நான் முடிச்சைக் கையால் மூடிக்கொண்டேன்.

"நாலு மாசமாத் தோய்க்கேல்லையோ?"

"முடிச்சு அவிண்டிடும் சிஸ்டர்."

அவா என் இலக்கத்துக்கு நேரே ஏதோ குறித்தா. திட்டியிருந்தால் நல்லாக இருந்திருக்கும். "முடிச்சோட தோய்ச்சால் உள்ளுக்குப் போகாது டொக்டர்" என்று மட்டும் சொன்னா.

அடுத்த காலை மேடம் விதியை மாற்றினா. இனி டை வேண்டாம், கழுத்துத் திறந்த சேட், அரைக் கைக் கோட், முழங்கைக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது, மணிக்கூடும் கழற்ற வேண்டும். சீலையும் கட்டாயமில்லை. யதுர்ஷிகா அடுத்த நாளே சத்திரசிகிச்சைக் கூடத்து உடுப்புப் போல ஒன்றைப் போட்டுக்கொண்டு துள்ளினாள். "ஒரு மணித்தியாலம் கூடுதலா நித்திரை கொண்டன்" என்றாள்.

இராயப்புவை மூலையில் தனிக் கட்டிலுக்கு மாற்றினோம். நரம்பு வழியாக இரண்டு கிழமைக்கு மருந்து. ஞாயிற்றுக்கிழமை என் கடமை. பக்கத்தில் போகிறவர்கள் போடுகிற பிளாஸ்டிக் ஏப்ரனையும் கையுறையையும் போட்டுக்கொண்டு போனேன். போனில் மகள் அனுப்பிய படத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை முக்காடு, கையில் மெழுகுதிரி. முன் வரிசை வாங்கு தெரிந்தது. அவர் அதில் இல்லை.

"ஐயா, உங்கட புண்ணில வந்த கிருமி என்ர டையிலயும் இருந்தது. என்னாலதான் எண்டு சொல்லேலாது. இல்லையெண்டும் சொல்லேலாது. நான் அதை நாலு மாசமாத் தோய்க்கேல்லை."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த முடிச்சுக்காகவோ?"

"ஓம்."

படத்தை விரலால் பெரிதாக்கி முன் வாங்கைப் பார்த்தார். எனக்கு அவர் கத்த வேண்டும் போல இருந்தது.

"யூலிற்றா முடிஞ்ச வலை ஒண்டை நானும் வைச்சிருந்தனான்" என்றார் கடைசியாக. "கடலுக்குக் கொண்டுபோகாமல். எலி வெட்டிப்போட்டுது." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அறைக்குப் போய் டையை ஆணியிலிருந்து எடுத்தேன். இனி யாரும் அதைப் போடச் சொல்லப்போவதில்லை. ஒரு பையில் கட்டி அலுமாரிக்குள் வைத்தால் முடிச்சு நான் சாகும்வரை அப்படியே இருக்கும். பையையும் எடுத்துவிட்டேன். அந்த நேரம் முன் வாங்கு கண்ணுக்குள் வந்தது.

முதலில் மணந்து பார்த்தேன். அவளின் பவுடர் வாசம் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். டெட்டோல், வாட்டு, என் வேர்வை. அவள் அதிலிருந்து எப்போதோ போய்விட்டாள். முடிச்சுக்குள் விரலை விட்டு இழுத்தேன். இரண்டு சுற்று, ஒரு செருகல். அவ்வளவுதான் இருந்தது. நாலு மாதம் நான் காவித் திரிந்தது ஒரு விநாடியில் நீளத் துணியாகக் கையில் கிடந்தது. கொதிநீரில் போட்டேன். வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து அழுதேன். நியாயத்துக்கு நான் அழுதிருக்க வேண்டியது இராயப்புவுக்காக. அழுதது அவளுக்காக. அதற்கும் வெட்கமாக இருந்தது.

காய்ந்த பிறகு கண்ணாடிக்கு முன் நின்று கட்டிப் பார்த்தேன். எப்படியோ ஒரு முடிச்சு வந்தது. மற்றப் பக்கம் சரிந்தது. கழற்றி மடித்து வைத்துவிட்டு அவளுக்கு எழுதினேன். "டையை அவிட்டுத் தோய்ச்சுப்போட்டன். குறை நினைக்காதை."

இரண்டு நாள் பதில் இல்லை. இத்தனை நாளும் அவிழாமல் வைத்திருந்ததை ஒரே நாளில் கெடுத்துவிட்டேன் என்று அவளுக்குக் கோபம் போல என்று நினைத்தேன். கோபப்பட்டால் நல்லது என்றும் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மேடத்தோடு வாட்டைச் சுற்றி வரும்போது இராயப்பு என் திறந்த கழுத்தைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அன்றுதான்.

"இடக்கைக்காரிக்குச் சொன்னீங்களோ?"

"சொன்னனான் ஐயா."

"என்ன சொன்னா?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

அடுத்த கட்டிலுக்குப் போகிற வழியில் கோட் பையில் போன் அதிர்ந்தது. மேடத்தின் முதுகுக்குப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். கௌசலாதான்.

"எந்த டை?"

நீலம், சின்ன வெள்ளைப் புள்ளி என்று எழுதினேன். அனுப்பவில்லை. போனைப் பையில் போட்டேன். இப்போது உள்ளே மறைக்கவோ காட்டவோ ஒன்றும் இல்லாத கோட்டைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, அடுத்த கட்டிலில் இருந்தவரிடம் குனிந்து, எங்கே நோகுது என்று கேட்டேன்.