பதின்மூன்றாம் பக்கம்

எங்கள் வேளாண் கல்லூரியில் மறுபரிசீலனை மனு என்றாலே எனக்கு எரிச்சல். தமன்ஹூர் நகரத்தின் ஆகஸ்ட் வெயிலில் உட்கார்ந்து, 'இரவெல்லாம் படித்தேன், எனக்கு அநியாயம் நடந்துவிட்டது' என்ற ஒரே ஒப்பாரியை முப்பது கையெழுத்தில் வாசிக்க வேண்டும். விதியோ மிகக் குறுகியது. போட்ட மதிப்பெண்ணை மாற்ற முடியாது. கூட்டல் சரியா, திருத்தாமல் விட்டுப்போன விடை உண்டா, இவ்வளவுதான் பார்ப்போம்.

மண்ணியல் தாள்களைத் திருத்துகிறவன் நான்; முனைவர் என்பதால் எல்லாருக்கும் 'டாக்டர்'. தேர்வுப் பிரிவை நடத்துகிற மதாம் விதாத், கிர்கிஸ் என்ற மாணவனின் மனுவை என் முன்னால் வைத்தார். அவனுக்கு நாற்பத்தாறு. தேற ஐம்பது வேண்டும்.

மனு அரைப் பக்கம்தான். விடைத்தாளைப் பார்க்க அனுமதித்ததற்கு நன்றி சொல்லியிருந்தான். அதற்குமேல் இப்படி:

'ஆசிரியரின் மதிப்பீட்டை நான் கேள்வி கேட்கவில்லை. நான்காம் கேள்வியின் அ, ஆ பிரிவுகள் எட்டாம், ஒன்பதாம் பக்கங்களில் உள்ளன. தலா மூன்று மதிப்பெண். முகப்பு அட்டவணையில் உள்ள ஆறு அவைதான். இ பிரிவு, நடுவில் மூன்று பக்கங்கள் வெறுமையாக விடப்பட்டு, பதின்மூன்றாம் பக்கத்தில் உள்ளது. அங்கே சிவப்பு மை இல்லை. அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். பார்த்த பின் பூஜ்யமே தந்தாலும் ஏற்பேன்.'

வினாத்தாளின் நகலில் இ பிரிவுக்கு ஆறு மதிப்பெண் என்பதை அடிக்கோடிட்டு இணைத்திருந்தான். அவன் தாளைப் பார்த்தபோது உடனிருந்த எழுத்தரின் கையெழுத்தும் இருந்தது.

பெயர் இருக்கும் மூலை மடித்து ஒட்டி, ரகசிய எண்ணோடு வந்தபோது நான் திருத்திய அதே தாள். பதின்மூன்றைப் புரட்டினேன். உவர் மண்ணைக் கழுவும் முறை, படத்தோடு, அழகாக எழுதியிருந்தான். ஒரு கோடுகூட என் பேனா போடவில்லை. எங்கள் மாணவர்கள் கடைசித் தாள்களைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே வைத்துக்கொள்வார்கள். அதனால் முதல் வெற்றுப் பக்கம் வந்ததும் தாளை மூடிவிடுவது இருபது வருடமாக என் வழக்கம். ஐந்து போட்டேன். ஐம்பத்தொன்று. பையன் தேறிவிட்டான்.

மதாம் விதாத் முகத்தில் சிரிப்பு. எனக்கோ நான் தள்ளிய வேறொரு மனு நினைவுக்கு வந்தது. போன வருடத்து மனுக் கோப்பைக் கேட்டேன்.

இப்திசாம் என்ற மாணவி. நாற்பத்தேழு மதிப்பெண். இரண்டு பக்கம் அழுது எழுதியிருந்தாள். அப்பாவின் நோய், அம்மாவின் பிரார்த்தனை, ஆசிரியருக்கு மனசாட்சி இல்லையா என்ற கேள்வி. அந்தக் கேள்விதான் என்னைக் கொதிக்கவைத்தது. முகப்பு அட்டவணையைக் கூட்டிப் பார்த்து, 'கூட்டல் சரி' என்று கையெழுத்திட்டேன். உள்ளே புரட்டவில்லை. நான்காம் கேள்விக்கு எதிரே, எழுதவில்லை என்று பொருள்படும் கோடு ஒன்றை நான் இழுத்திருந்தது நினைவிருக்கிறது. அழுகைக்கு நடுவே அவள் ஒரு வரி எழுதியிருந்தாள்: 'ஐந்து கேள்விக்கும் பதில் எழுதினேன், கடைசித் தாள் வரை.' அந்த ஒரு வரியை மட்டும் எழுதியிருந்தால் நான் நின்று பார்த்திருப்பேன். பக்கம் பக்கமாகப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவளுடைய தாளைக் கேட்டேன்.

"போன மாசமே காகித ஆலைக்குப் போயிடுச்சு டாக்டர். ஒரு வருஷத்துக்கு மேல வெச்சுக்கிறதில்லையே," என்றார் மதாம் விதாத்.

கோப்பிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். அவள் மறுபடி தேர்வு எழுத வரவேயில்லை. நுபாரியாவில் ஆரஞ்சுப் பழம் பொதி கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறாளாம். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே நடந்ததைச் சொன்னேன்.

"எழுதினேன்ல டாக்டர்? நாலாவது கேள்வி... வீட்ல எல்லாரும் பொய் சொல்றேன்னாங்க. எழுதினதா கனவு கண்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு."

"எழுதியிருப்பே, மகளே."

"எழுதியிருப்பேனா, எழுதினேனா?"

பதில் சொல்ல என்னிடம் தாள் இல்லை.

அன்றே கல்லூரி முதல்வருக்கு மனு எழுதினேன். பணிவாக, அரைப் பக்கத்தில். கேள்வி எண், நான் போட்ட கோடு, புரட்டாமல் இட்ட கையெழுத்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கிர்கிஸ் தாளின் நகலையும் இணைத்தேன். அவளுக்கு ஒரு மறுதேர்வாவது தர வேண்டும் என்று கேட்டேன்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'உரிய விடைத்தாள் ஆதாரமாக இணைக்கப்படாததால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.'

அந்த வாசகம் எனக்கு மனப்பாடம். மனுக்களை நிராகரிக்கும் அச்சுப் படிவத்தைக் கல்லூரி தயாரித்த வருடம் அதை எழுதிக் கொடுத்தவனே நான்தான்.