பதின்மூன்று நாள் காத்திருந்த கேக்

அந்தத் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் பண்டிகை வாழ்த்து எழுதி அனுப்புவது ஒரே ஒருத்தியின் வேலை. ஆபீஸே அவளை 'வாழ்த்து அக்கா' என்றுதான் கூப்பிடும். வயது ஐம்பத்திரண்டு. தனிக்கட்டை. எழுநூற்றுச் சொச்சம் பேருக்கு வருஷம் தவறாமல் வாழ்த்து போகும். பட்டியல் போடுகிறவள் பெயர் மட்டும் பட்டியலில் கிடையாது. அதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

எழுத உட்காருமுன் மூன்று விஷயம் தெரிந்தாக வேண்டும் அவளுக்கு. பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் என்ன பெயர், இந்த வருஷம் எந்தத் தேதி, அன்றைக்கு என்ன செய்வார்கள். கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்வாள். பார்த்ததோடு விடமாட்டாள், அந்தச் சமூகத்து வீடு ஒன்றுக்குப் போன் போட்டும் கேட்பாள். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மனுஷன் ஒரு துக்க நாளுக்கு 'இன்பம் பொங்கட்டும்' என்று நூறு பேருக்கு எழுதி அனுப்பி, வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைக்கு இவள் தேதியே போடாமல் கார்டு அடித்து வைத்து, பிறை தெரிந்த சேதி வந்த பிறகுதான் தபாலில் சேர்ப்பாள். முந்தின நாள் சூரியன் மறையும்போதே தொடங்குகிற பண்டிகை என்றால் வாழ்த்தும் அந்தச் சாயங்காலத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும்.

உண்மையைச் சொன்னால், அந்தப் போன்கள்தான் அவளுக்குப் பேச்சுத்துணை. மற்ற நாளில் வீட்டுக்குப் போனால் அவளிடம் பேசுவது பிரஷர் குக்கர் ஒன்றுதான்.

அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் கேக் பெட்டிகளுக்கு முகவரிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு முகவரியில் கதவு எண் அழிந்திருந்தது. ஆள், தொழிற்சாலையே 'பெரிய ஸ்பானர்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவர். நாற்பது வருஷத்துக்கு முன் எங்கோ குளிர் தேசத்திலிருந்து இயந்திரம் பொருத்த வந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, இந்த ஊர்ப் பேச்சையே பேசிக்கொண்டு தங்கிவிட்டவர். மனைவி போய் மூன்று வருஷம். எண்ணைக் கேட்கப் போன் போட்டாள்.

எண்ணைச் சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் இழுத்தார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. இந்தத் தடவை கேக்கை நல்லா இறுக்கமா மூடி அனுப்ப முடியுமா? போன வருஷம் எறும்பு பூந்துடுச்சு."

"எறும்பா? வந்த அன்னிக்கேவா?"

"இல்லம்மா. பதிமூணு நாள் அலமாரியில இருந்துச்சே."

"அய்யய்யோ, பிடிக்கலையா உங்களுக்கு?"

"பிடிக்காம என்ன! அதுல முட்டை, வெண்ணெய் எல்லாம் இருக்கே. எங்களுக்கு அப்போ நாப்பது நாள் விரதம். ஏழாந்தேதிதான் முடியும்."

"எந்த ஏழாந்தேதி?"

"ஜனவரி ஏழு. அன்னிக்குத்தானே எங்க கிறிஸ்துமஸ். எங்க சபை இன்னும் பழைய காலண்டர்தான் பாக்குது. அதுல அன்னிக்குத்தான் டிசம்பர் இருபத்தஞ்சு."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறைக்கும் சூரியனுக்கும் காவல் கிடந்தவள், கிறிஸ்துமஸுக்கு மட்டும் யாரையும் கேட்டதில்லை. எல்லாக் காலண்டரிலும் சிவப்பில் போட்டிருக்கிறானே, இதைப் போய் யாராவது கேட்பார்களா என்று இருந்துவிட்டாள். அடிப்பாவி! அவர் ஓய்வு பெற்று ஏழு வருஷம். ஏழு கேக்.

"ஏன் ஐயா ஒரு வார்த்தை சொல்லலை?"

எதிர்முனையில் இருமல் கேட்டது. "சொன்னா நாளை மாத்துவீங்களோ, அனுப்பறதையே நிறுத்திடுவீங்களோன்னு இருந்துச்சு. எனக்கு வர்றது அது ஒண்ணுதான்."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் கை பென்சிலை எடுத்துவிட்டது. "பண்டிகைப் பேர் சொல்லுங்க ஐயா. உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்க?"

"போஜிச்."

"அன்னிக்கு என்ன செய்வீங்க?"

அவர் குரலில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. முந்தின சாயங்காலம் ஓக் மரக் கிளையை நெருப்பில் போடுவார்களாம். வீட்டுக்குள் வைக்கோல் பரப்புவார்களாம். விடிந்ததும் முதலில் யார் வீட்டுக்குள் வருகிறார்களோ, அவர்கள் கால்ராசிதான் வருஷம் முழுக்க. வலது காலை எடுத்து வைத்து வந்து, 'கிறிஸ்து பிறந்தார்' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் 'மெய்யாகவே பிறந்தார்' என்பார். வந்தவர் நெருப்பைக் கிளறுவார். எத்தனை பொறி பறக்கிறதோ அத்தனை நன்மை.

"ஆம்பளைதான் வரணுமா?"

"சில வீட்ல அப்படி. எங்க வீட்ல அதெல்லாம் பாக்கறதில்லை."

"உங்க வீட்டுக்கு யார் வருவாங்க?"

"முன்னாடி என் வீட்டுக்காரியோட தங்கச்சி பையன் வருவான். இவ போனதோட அதுவும் போச்சு." அவரே தொடர்ந்தார். "இப்போ நானே கதவைத் திறந்துக்கிட்டு மாடிப்படி வரைக்கும் போயிட்டு, நானே உள்ள வருவேன். நானே சொல்லி, நானே பதில் சொல்லிக்குவேன். ஏழு மணிக்குள்ள முடிச்சிடுவேன், பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தா கிறுக்குன்னு நினைப்பாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேனேஜரிடம் போனாள். "ஒருத்தருக்காகத் தனிப் பார்சலா? எல்லாம் ஒரே நாள்ல போகணும்மா, அவ்வளவுதான்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமலே. பெரிய ஸ்பானருடைய பெட்டியை மட்டும் அவள் அனுப்பவில்லை. தன் மேஜைக்கடியில் வைத்துக்கொண்டு, ஏழாம் தேதிக்கு லீவு எழுதிக் கொடுத்தாள். அவள் லீவு கேட்டதைக் கேட்டு ஆபீஸ் மூக்கின் மேல் விரல் வைத்தது.

ஏழாம் தேதி விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். வழியில் பஸ் ஒரு சிக்னலில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஆறே முக்கால். ஏழுக்குள் அந்த மனுஷன் வெளியே போய் உள்ளே வந்துவிட்டால் முதல் கால் அவருடையதாகிவிடும். அப்புறம் இவள் கேக் கொண்டுவந்த ஆள், அவ்வளவே. இறங்கி, பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஐம்பத்திரண்டு வயதில் ஓட்டம் என்ன சும்மாவா! மூன்றாவது மாடி ஏறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

கதவு திறந்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வாசற்படிக்கு வெளியே ஒரு காலை வைக்கப்போனார்.

"ஐயா, நில்லுங்க! வெளிய வராதீங்க!"

அவர் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டார். அவள் மூச்சு வாங்கி, செருப்பைக் கழற்றி, வலது காலை எடுத்து வைத்தாள்.

"கிறிஸ்து பிறந்தார்."

 மூன்று வருஷமாக அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பதில் இப்போது வர மறுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெய்யாகவே பிறந்தார்" என்றார்.

அடுப்படியில் ஒரு இரும்புச் சட்டியில் சின்னக் கிளை கனன்றுகொண்டிருந்தது. ஓக் கிடைக்காமல் ஏதோ ஒரு மரம். அவள் கரண்டியால் கிளறினாள். பொறி நாலைந்துதான் பறந்தது. "போதும், போதும், வீடு பத்திக்கும்" என்று அவர் பதறியதில் இரண்டு பேருக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

கேக்கை வெட்டினார்கள். இந்தத் தடவை சரியான நாளிலேயே. சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு, அவர் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, பென்சிலை எடுத்தார்.

"இப்போ உங்களது சொல்லுங்க. உங்க வீட்டுப் பண்டிகை என்ன, எந்தத் தேதி, அன்னிக்கு என்ன பண்ணுவீங்க? சரியா சொல்லணும். தப்பான நாள்ல வந்து நின்னுடக் கூடாது பாருங்க."

இந்தக் கேள்வியை ஊரையெல்லாம் கேட்டவள் அவள். அவளை யாரும் கேட்டதில்லை. எழுநூறு பேர் தேதியை மனப்பாடமாகச் சொல்வாள். தன்னுடையதைச் சொல்ல வாய் வரவில்லை. கடைசியாக வீட்டில் எப்போது கொண்டாடினாள் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் பென்சிலைப் பிடித்தபடியே, அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.