கூரையில் படிந்த கரி

வீட்டுக்கார அம்மா ஜலஜாக்ஷம்மா எங்கள் பூஜை அலமாரிக்கு மேலே அண்ணாந்து பார்த்ததுமே நான் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தேன். உகாதிக்கு வெள்ளையடித்த கூரை அது. இப்போது அதில் பலாப்பழம் அளவுக்குக் கரி.

"ஏம்மா பிரமீளா, பூஜை பண்றியா, செங்கல் சூளை வெச்சிருக்கியா?" என்றார் என் மனைவியிடம். "இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க. அதுவரைக்கும் மாடியில விளக்கே கூடாது."

நாலு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இந்த ஆஷாட மாத மழையில் மைசூரில் எங்கே வீடு தேடுவது? குழந்தையைத் தினமும் குளிப்பாட்டிவிட மேலே வந்துகொண்டிருந்தவரே அந்த அம்மாதான். அன்றிலிருந்து அதுவும் நின்றது.

குற்றவாளி நான். கடையில் தாமரைப் படம் போட்ட தீப எண்ணெய் பாட்டிலையும், நூறு திரி அடங்கிய பாக்கெட்டையும் வாங்கி வந்த மகாபுத்திசாலி நானே. பிரமீளா ஒரு திரியின் நுனியைக் கொளுத்தி என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பஞ்சுன்னா பொசுங்கிச் சாம்பலாகும். இதைப் பாருங்க, உருகி உருண்டை கட்டுது. பாதி பாலியஸ்டர். எண்ணெயை மோந்து பாருங்க. மேல மல்லிகை, அடியில சீமெண்ணெய் வாடை."

"பாட்டில்ல சுத்தம்னு போட்டிருந்தானேடி!"

"உங்க நெத்தியிலகூடத்தான் கெட்டிக்காரன்னு எழுதியிருக்கு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாட்டிலைத்தான் முறைக்க முடிந்தது.

மறுநாள் அவள் செக்குக்கே போய் நல்லெண்ணெய் வாங்கி வந்தாள். கொட்டை எடுத்த பஞ்சை மெல்ல இழுத்து, இரண்டு இழையாகச் சேர்த்து, அழுத்தாமல் திரித்தாள். இறுக்கினால் எண்ணெய் ஏறாதாம். மழை ஈரத்தில் படபடக்கும் என்று திரிகளை அடுப்பு மேடையோரம் வைத்துக் காயவிட்டாள். பிறகு கீழே இறங்கிப் போய் ஜலஜாக்ஷம்மாவிடம், "ஒரு மணி நேரம் ஏத்தறேன். விளக்குக்கு மேல வெள்ளைத் தட்டு வைங்க. கரி பிடிச்சா நாங்களே கிளம்பறோம்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா!

ஜலஜாக்ஷம்மாவின் கணவர் சுப்பராமய்யா, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கண்ணில் குறும்பு மின்னியது. "ஒரு தட்டை வெச்சு என்னத்தைப் பரீட்சை பண்றது? பக்கத்துல நம்ம விளக்கும் இருக்கட்டும்."

"இருக்கட்டுமே! நாப்பது வருஷமா விளக்கெண்ணெய் ஊத்தறேன். அதுமாதிரி நின்னு எரியற எண்ணெய் எது?" என்று சிலிர்த்துக்கொண்டார் அந்த அம்மா.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு விளக்குகள். ஒவ்வொன்றையும் சுற்றி மூன்று உயரமான டம்ளர்களைக் கவிழ்த்து, சுடருக்கு நாலு விரல் மேலே இருக்கும்படி பீங்கான் தட்டு வைத்தார் சுப்பராமய்யா. பிரமீளா திரியை ஒரு நெல்மணி அளவுதான் வெளியே விட்டிருந்தாள். சுடர் சின்னதாக, ஆடாமல் நின்றது. விளக்கெண்ணெய் கெட்டி அல்லவா, திரியில் மெதுவாகத்தான் ஏறியது. சுடர் மங்கியது. ஜலஜாக்ஷம்மாவுக்குப் பொறுக்கவில்லை. குச்சியால் திரியைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து இன்னும் கொஞ்சம். சுடர் நாக்கை நீட்டிக்கொண்டு ஜம்மென்று எரிந்தது. "பார்த்தியா, என் விளக்கு!" என்றார். நான் கடிகாரத்தையும் எங்கள் மூட்டை முடிச்சுகளையும் மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணி ஆனதும் முதலில் எங்கள் தட்டைத் திருப்பினார் சுப்பராமய்யா. விரலால் தேய்த்தார். விரல் அப்படியே வெளுப்பாக இருந்தது. அப்பாடா! இன்னொரு தட்டைத் திருப்பினார். நடுவில் அட்டைக்கரி.

சுப்பராமய்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம பூஜை ரூம் கூரையைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு, ஜலஜா?"

"சும்மா இருங்க! திரியை இழுத்தது என் தப்பு. எண்ணெயைக் குத்தம் சொல்லாதீங்க" என்று அதட்டினார் அந்த அம்மா. நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். சிரித்தால் வீடு போய்விடுமே.

ஜலஜாக்ஷம்மா அந்தக் கரித் தட்டைக் கையில் எடுத்தார். பிறகு அதில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு விரலால் குழைத்தார்.

"குழந்தையைக் கொண்டா இங்க. ரெண்டு நாளா நான் மேல வரலை, பொட்டில்லாமயே வெச்சிருக்கே பாரு!"

கொழுகொழு கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு வைத்தார். குழந்தை அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிரமீளா அழுதாள். என் கண்ணும் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

"என்னப்பா பார்த்துட்டு நிக்கறே?" என்றார் என்னிடம். "ஏணி கொல்லையில இருக்கு. நாளைக்குக் கூரைக்கு வெள்ளையடி. முதல்ல எங்க வீட்டுக்கு."