எண் இல்லாத பக்கம்

செல்வகுமாருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இரண்டுமே ஒருவிதப் பழுப்பு மஞ்சளாகத்தான் கண்ணில் விழும். இந்த லட்சணத்தில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டாஃப் பஸ்ஸை வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு கீறல் விழுந்ததில்லை. சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. இதற்குக் கலர் எதற்கு?

மற்றதையெல்லாம் இப்படியே சமாளித்தான். டிரைவர்கள் அறைச் சுவரில் ரூட் மேப் தொங்கும். சேக்காடு லைன் சிவப்பு, கோவில்பதாகை லைன் பச்சை. அவனுக்கு இரண்டும் ஒரே கோடுதான், எது எங்கே வளைகிறது என்பதை வைத்து அடையாளம் வைத்திருந்தான். லேட்டாக வந்த வண்டிக்குச் சிவப்புக் கட்டம், நேரத்துக்கு வந்ததற்குப் பச்சைக் கட்டம் என்று மாதாமாதம் சார்ட் ஒன்று ஒட்டுவார்கள். அதைப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, மச்சான் கஜபதியின் காதைக் கடித்துத் தெரிந்துகொள்வான்.

கஜபதி அவன் மனைவி வசந்தகுமாரியின் அண்ணன். அதே கம்பெனியில் அவனும் பஸ் டிரைவர். செல்வகுமாரின் கண் விஷயம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், இந்த அண்ணனும் தங்கையும். அவர்களிடம் சொல்லிவிட்டு அவன் நிம்மதியாகத் தூங்கினான். பாவி மனுஷன்.

வினை புது மேனேஜர் உருவத்தில் வந்தது. டிரைவர்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை, அதில் கலர் டெஸ்ட்டும் உண்டு, தேறாதவன் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். பஸ்ஸை விட்டால் செல்வகுமாருக்கு வேறு தொழில் தெரியாது. அதைவிட, 'கண்ணு தெரியாதவனா இத்தினி நாளா வண்டி ஓட்டினான்' என்று நாலு பேர் பேசுவார்களே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

"நீ ஏன் மாப்ள பயந்துகினு கீற, நான் கீறேன்ல" என்றான் கஜபதி. அவனுடைய டெஸ்ட் முதலிலேயே முடிந்துவிட்டது. புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம், ஒவ்வொரு பக்கத்துப் புள்ளிக்குள்ளும் ஓர் எண் இருக்கும், அதைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். பரிசோதிக்கிற பெண் டீ குடிக்கப் போன நேரத்தில் புத்தகத்தின் கடைசியிலிருந்த விடைகளை போனில் படம் பிடித்துவிட்டானாம். பக்கவாரியாகத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் வசந்தகுமாரி சீட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்காருவாள்.

"மூணாம் பக்கம்?"

"இருபத்தொம்பது."

"சரி. ஏழு?"

"எழுபத்தி நாலு."

"சரி. பதினஞ்சு?"

"நாப்பத்தஞ்சு."

"சரி."

தப்பு விட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. இவளுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொள்வான்.

பரிசோதனை நாளும் வந்தது. சௌம்யா என்கிற சின்ன வயசுப் பெண்தான் பக்கங்களைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் அவன் கண்ணுக்கு எழுபது தெரிந்தது. வாய் இருபத்தொன்பது என்றது. ஏழாவதில் இருபத்தொன்று தெரிந்தது. எழுபத்து நான்கு என்றான். சில பக்கங்களில் வெறும் புள்ளிதான், மனப்பாடம் கைகொடுத்தது. பதினான்காம் பக்கத்தில் ஓர் ஐந்து தானாகவே கண்ணில் பட்டது. சீட்டிலும் அதுதான். சொன்னான். சௌம்யா நிமிர்ந்து பார்த்தாள். பதினைந்தாவதில் நாற்பத்தைந்து பளிச்சென்று தெரிந்தது. பொய் சொல்லத் தேவையில்லாத இடம் என்பதால் குரல் கணீரென்று வந்தது.

"நாப்பத்தஞ்சு மேடம்."

அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"அண்ணா, எனக்கு இந்தப் பக்கத்துல எண்ணே தெரியாது. நார்மலா கலர் தெரியிற கண்ணுக்கு இது வெறும் புள்ளி. சிவப்பு பச்சை குழம்புற கண்ணுக்குத்தான் இதுல நம்பர் தெரியும். மனப்பாடம் பண்ணிட்டு வர்றவங்க இங்கதான் மாட்டுவாங்க."

வேறொரு கருவி வைத்தும் பார்த்தாள். முடிவில் மாற்றமில்லை. வண்டிச் சாவியைச் செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சொன்னார்கள்.

வெளியே வரும்போதுதான் அவனுக்கு உறைத்தது. கஜபதியின் கண் நல்ல கண்ணாயிற்றே.

கஜபதி பஸ் நிழலில் நின்றிருந்தான்.

"மச்சான், பதினஞ்சாம் பக்கம் நீ பாத்தல்ல. உனுக்கு இன்னா நம்பர் தெரிஞ்சிச்சு?"

கஜபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுல்ல. உன் டெஸ்ட்டுல 'ஒண்ணும் இல்ல'ன்னுதானே சொல்லிருப்ப? எனுக்கு மட்டும் இன்னாத்துக்கு நாப்பத்தஞ்சுன்னு எழுதிக் குட்த?"

நல்ல கண்ணுக்கு ஒரு வரிசை, பழுதுபட்ட கண்ணுக்கு ஒரு வரிசை என்று விடைகள் இரண்டாகத்தான் இருக்கும். மற்ற பக்கங்களுக்கெல்லாம் முதல் வரிசையிலிருந்து எடுத்தவன், பதினான்கு, பதினைந்து என்ற இரண்டு பக்கத்துக்கு மட்டும் வேண்டுமென்றே அடுத்த வரிசைக்குத் தாவியிருக்கிறான். செல்வகுமார் அவன் சட்டையைப் பிடித்து பஸ்ஸோடு சேர்த்து அழுத்தினான். மற்ற டிரைவர்கள் ஓடிவந்தார்கள். கூடப்பிறந்தவனாக நினைத்தேனே, சோற்றில் விஷம் வைத்துவிட்டாயே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினான். கஜபதி ஓர் அடிகூடத் திருப்பி அடிக்கவில்லை.

"ஊட்டுக்குப் போ மாப்ள" என்றான். "வசந்தாவக் கேளு."

வீட்டில் வசந்தகுமாரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"ஆமா. நான்தான் அண்ணன அப்டி எழுதச் சொன்னேன்."

செல்வகுமார் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அன்னிக்கு பைக்குல ஆவடி போனோமே. சிக்னல் லைட்டு மூணையும் மரக்கிளை மறச்சிகினு இருந்துச்சு. கீழ ஓடுற செகண்டு நம்பர் மட்டும் தெரிஞ்சிச்சு. அது செவப்புல ஓடுச்சு. நீ பச்சைன்னு நெனச்சிகினு வண்டிய உட்ட. தண்ணி லாரிக்காரன் பிரேக் போடலன்னா பின்னாடி உக்காந்திருந்த நானும் நம்ம பொண்ணு கனிமொழியும் இன்னிக்கு இல்ல."

"அதான் ஒண்ணும் ஆவலியே."

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன. பஸ்ஸ உட்டுடு, வேற வேல கேளுன்னேன். பொம்பளைக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தின்னு சிரிச்ச. ஊரான் ஊட்டுப் புள்ளைங்க அம்பது பேர ஏத்திகினு போற நீ. எனுக்குத் தூக்கம் வரல."

"மேனேஜராண்ட நேரா போய்ச் சொல்லிருக்கலாமே."

"சொன்னா மறச்சிட்டான்னு வேலையவிட்டே தூக்கிருப்பான். டெஸ்ட்டுல தேறலன்னா ஸ்டோர்ல வேலைக்குப் போடுவான். அண்ணன் சீட்டு குடுக்கலன்னா நீ வேற யாராண்டயாச்சும் வாங்கிகினு போய்த் தேறிருப்ப."

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தாள். ஆனாலும் நெஞ்சு ஆறவில்லை.

"தினிக்கும் என் எதிர்ல உக்காந்து சரி சரின்னு சொன்னியேடி. ஒரு நாளாச்சும் உன் வாய் கூசலியா?"

"கூசுச்சு."

"உங்கண்ணனும் உடனே தலையாட்டிட்டான் இல்ல."

"அது மாட்டேன்னு அழுதுச்சு. மாப்ள என்னை நம்பிகினு கீறாரு, இந்தப் பாவம் எனுக்கு வேணாம்னு சொல்லிச்சு. நான்தான் உடல."

செல்வகுமார் அவள் முகத்தைப் பார்த்தான். அங்கே அழுகையும் இல்லை, மன்னிப்புக் கேட்கிற குழைவும் இல்லை. மடித்த துணியை அடுக்கிவிட்டு எழுந்தாள்.

"திரும்ப நேந்தாலும் இதையேதான் செய்வேன்" என்றாள். "எழுந்துரு, சாப்பிடு."

அவன் எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கையை நம்பித் தின்றானோ, அந்தக் கையால்தான் இந்தச் சோறும் வரப்போகிறது என்று நினைத்ததும் அவனுக்குப் பசியே செத்துப்போயிற்று.