வராத நாளின் அளவுகள்

மரப்பலகை செய்யும் அந்த ஆலையில் அவளை எல்லோரும் 'ரிப்போர்ட்' என்றுதான் கூப்பிட்டார்கள். பயிற்சிக்கு வந்த முதல் நாளே, "எல்லாத்தையும் எழுதி ரிப்போர்ட்டா குடுக்கணுங்க" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தாள். அதோடு அவளுடைய சொந்தப் பெயர் போயிற்று. மெக்கானிக்கல் பிரிவில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறையில் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் ஒரு மாதம் பயிற்சி பெற்று, செய்த வேலை, கற்றுக்கொண்டது, தினக்குறிப்பு எல்லாவற்றையும் அறிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்பது கல்லூரியின் விதி. தினக்குறிப்பில் வாரா வாரம் மேற்பார்வையாளர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவளுக்கு மேற்பார்வையாளர் பராமரிப்புப் பொறியாளர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுவதும் தேடுகிற மனுஷர். அவர் அவளுக்குக் கொடுத்த வேலை சுலபமானது. அறுக்கும் பகுதியில் பறக்கும் மரத்தூளை இழுத்து வெளியே தள்ளும் பெரிய பிளோயர் ஒன்று இருந்தது. அதன் மோட்டாரிலும் விசிறியிலும் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் சூட்டைக் காலையும் மாலையும் அளந்து எழுத வேண்டும். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. விசையை அழுத்தினால் சின்னத் திரையில் எண் தெரியும்.

பிளோயர் நின்றால் அறுப்பும் நிற்கும். அந்த வரிசையை ஓட்டியவள் ஓர் ஆபரேட்டர் அக்கா. இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசிப் பேசி, சாப்பாட்டு அறையில்கூட அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "ஏய் ரிப்போர்ட்! நான் தும்மினதையும் எழுதிட்டியா?" என்று கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள். தன் டப்பாவிலிருந்து பாதியை ரிப்போர்ட்டின் தட்டில் கவிழ்த்துவிட்டு, "எலும்பும் தோலுமா இருந்துக்கிட்டு இன்ஜினியராம்" என்பாள்.

மூன்றாவது வாரம் பொறியாளர் தலைமை அலுவலகத்துக்குப் பயிற்சி வகுப்புக்காகப் போயிருந்தார். அந்த வாரத்தின் நடுவில் ரிப்போர்ட்டுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் நிஜமான காய்ச்சல். அடுத்த இரண்டு நாளும் உடம்பு தேறிவிட்டது. எழுந்து போகத்தான் மனம் வரவில்லை. சார் இல்லை, யார் கேட்கப் போகிறார்கள் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். மறுபடி வேலைக்கு வந்தபோது தினக்குறிப்பில் மூன்று கட்டம் வெறுமையாக இருந்தது. முந்தின நாட்களின் எண்களைப் பார்த்தாள். ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு. அன்று அளந்தபோதும் ஏறக்குறைய அதே எண்தான் வந்தது. நடுவில் மட்டும் என்ன மாறியிருக்கப் போகிறது? ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று அங்கங்கே ஒரு டிகிரி கூட்டியும் குறைத்தும் எழுதினாள். பேனாவைக்கூட மாற்றி எழுதினாள்.

பொறியாளர் திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "பரவாயில்லையே, ஒரு நாள்கூட விடல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவள் சட்டென்று தினக்குறிப்பை வாங்கி மூடிக்கொண்டாள். மாலைக்குள் அதை மறந்தும்விட்டாள்.

மாதம் முடிந்தது. பைண்டு செய்த அறிக்கையில் கடைசிக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கவும், சான்றிதழ் வாங்கவும் ஆலைக்குப் போனாள். பொறியாளர் உற்சாகமாக இருந்தார்.

"உன் ரீடிங் டேபிளை ஒரு காப்பி எடுத்துக்கிட்டேன்மா. ரொம்ப உபயோகமா இருந்துச்சு. நாளைக்குத்தானே காலேஜ்ல குடுக்கணும்? குடுத்துட்டு மார்க்கு வந்ததும் சொல்லு."

எதற்கு உபயோகமாக இருந்தது என்று அவள் கேட்கவில்லை. அக்காவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று அறுக்கும் பகுதிக்குப் போனாள். அங்கே வேறு ஒருவர் நின்றிருந்தார். அக்கா பேக்கிங்கில் இருப்பதாகச் சொன்னார்.

பேக்கிங் பகுதி ஆலையின் கோடியில், இரைச்சல் எட்டாத இடத்தில் இருந்தது. அக்கா பலகை அடுக்குகளின் மூலைகளில் அட்டையை மடித்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் கத்தவில்லை.

"வா" என்றாள்.

"என்னக்கா இங்க?"

"மாத்திட்டாங்க. லெட்டரும் குடுத்திருக்காங்க, எச்சரிக்கைன்னு. காரணமே இல்லாம லைனை நிறுத்திட்டேனாம். அரை ஷிப்ட் உற்பத்தி போச்சாம்."

"எப்ப நிறுத்துனீங்க?"

"சார் ஊருக்குப் போயிருந்தாரே, அந்த வாரம். நீயும் காய்ச்சல்னு வரல. பிளோயர்ல ஒரு கருகின வாடை. கையை வச்சா பட்டுனு சுட்டுருச்சு. நிறுத்திட்டேன். ஃபிட்டர் வர்றதுக்குள்ள ஆறிப்போச்சு. கிரீஸ் வச்சான், ஓட ஆரம்பிச்சிருச்சு. இப்ப சார் சொல்றாரு, அன்னைக்கு ரீடிங் எடுத்தது இருக்காம், சூடே இல்லையாம். யாரு எடுத்தாங்களோ, எப்ப எடுத்தாங்களோ. நீ இருந்திருந்தா அந்தத் துப்பாக்கியை வச்சுப் புடிச்சு எண்ணைக் காட்டியிருப்பே. எனக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்ல."

ரிப்போர்ட் அறிக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "வர்றேன்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாசலில் காவலாளி ஏதோ கேலி பேசினார். அது காதில் விழவே இல்லை.

வீட்டில் அப்பா அறிக்கையை வாங்கி, கைகளைத் துடைத்துக்கொண்டு புரட்டினார். அவருக்கு அதில் பாதி புரியாது. ஆனாலும் சூட்டின் அளவுகளைப் போட்ட வரைபடத்தைப் பார்த்து, "கோடு எவ்வளவு நேரா போகுது பாரேன்" என்று அம்மாவிடம் காட்டினார். அம்மா, "என் பொண்ணு கை" என்றாள். இரண்டு பேருமாக மாறி மாறிப் பார்த்தார்கள். அந்தக் கோடு நேராகப் போன இடம் எதுவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். 'கற்றவை' என்ற தலைப்பின் கீழ், இடைவிடாமல் அளவெடுப்பதன் முக்கியத்துவத்தைப் பற்றி அவளே ஒரு பத்தி எழுதியிருந்தாள். அப்பா அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள், "குடுங்கப்பா, கசங்கிரும்" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. ஆலைக்குத்தான் போனாள்.

பொறியாளர் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார். அவள் நின்றுகொண்டே சொன்னாள்.

"சார், அந்த மூணு நாள் நான் வரல. அந்த ரீடிங் நான் எடுக்கல. திரும்பி வந்தப்புறம், மனசுல தோணினதை எழுதினேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"வேண்டாம். சொல்லாத. நீ சின்னப் பொண்ணு. ரிப்போர்ட்டைக் கொண்டு போய்க் குடு. பிளோயரை இன்னைக்கே நான் செக் பண்ணச் சொல்றேன். நடந்தது நடந்துருச்சு."

அவள் நகரவில்லை. அப்படியே போய்விடலாம் என்றுதான் அவளுக்கும் இருந்தது. காலே வாசல் பக்கம் திரும்பியது; ஆனாலும் கேட்டாள்.

"அக்காவுக்குக் குடுத்த லெட்டர் சார்?"

"அதைப் பாத்துக்கலாம்."

"அதை வாபஸ் வாங்கணும்ல?"

பொறியாளர் சட்டென்று குரலை உயர்த்தினார். "வாபஸ் வாங்கணும்னா மேனேஜர்கிட்ட என்னம்மா சொல்றது? நான் ஊர்லயே இல்லாத வாரத்துக்கு, சரி பாத்ததா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதை வச்சுத்தான் அந்தம்மா பொய் சொல்றாங்கன்னு நானே எழுதிக் குடுத்தேன். இது உன் தப்பு மட்டுமில்ல, புரியுதா?"

சொன்ன பிறகு அவரே தான் சொன்னதைக் கேட்டதுபோல நிறுத்திக்கொண்டார். வெளியே லாரி ஒன்று பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. அவள் கையில் இருந்த அறிக்கையை மேசையில் வைத்தாள்.

"நான் மட்டும் போய்ச் சொல்றேன் சார். உங்களை ஏமாத்திட்டேன்னு சொல்லிக்கறேன்."

"என்னை யாரும் ஏமாத்தல. நான் பாக்கவே இல்லையே" என்றார். அறிக்கையைப் புரட்டி, தான் கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் பார்த்தார். பிறகு எழுந்தார். "வா. ரெண்டு பேரும் போவோம்."

மேலாளர் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. கத்தியிருந்தால் தேவலை. பொறியாளரைப் பார்த்து, "உங்க கையெழுத்தைப் பாத்துத்தான் அந்த லெட்டர்ல நான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தை அன்றே ரத்து செய்தார். பொறியாளருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் போயிற்று. வார விடுமுறையில் பிளோயரைப் பிரித்தார்கள். விசிறிப் பக்கத்துப் பேரிங் தேய்ந்து, உள்ளே உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தன. கிரீஸ் வைத்ததால் கொஞ்ச நாள் தாங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

தினக்குறிப்பில் அந்த மூன்று நாட்களையும் அழிக்கக் கூடாது என்றார் பொறியாளர். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் 'வரவில்லை' என்று எழுதச் சொன்னார். எழுதினாள். அதன் பக்கத்தில் அவரும் அன்றைய தேதியோடு கையெழுத்துப் போட்டார். விட்டுப்போன நாட்களை வந்து முடிக்க வேண்டும். கல்லூரியில் பயிற்சிக்குப் பொறுப்பான பேராசிரியை, தாமதத்துக்கும் பொய்க்கும் சேர்த்து மதிப்பெண் குறையும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டில் சொன்னபோது அப்பா எழுந்து வெளியே போனார். அம்மா, "ஒருத்தி பொழப்புல கை வச்சிருக்கியேடி" என்றாள்.

அக்கா மறுபடி தன் வரிசைக்கு வந்துவிட்டாள். மீதி நாட்களுக்காக ஆலைக்குப் போன முதல் நாள் மதியம், ரிப்போர்ட் அவளைச் சாப்பாட்டு அறைக்கு வெளியே பிடித்தாள்.

"அக்கா, அது நான்தான்."

"தெரியும். மேனேஜர் சொன்னாரு."

"மன்னிச்சிருங்கக்கா."

அக்கா அவளைப் பார்க்கவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். அந்தக் குரலில் அவள் பேசி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"லெட்டர் குடுத்தது கூடப் பரவாயில்ல. ரீடிங் இருக்கு, ரீடிங் இருக்குன்னு ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல, நெஜமாவே சுட்டுச்சான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. ராத்திரில படுத்துக்கிட்டு இந்தக் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். நாமதான் பயந்து நிறுத்திட்டமோன்னு. அதுக்கு என்னடி மன்னிப்பு இருக்கு?"

அக்கா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அன்று அவள் வேறு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மிச்சமிருந்த நாட்களிலும் அப்படித்தான். புதுப் பேரிங் ஐம்பதைத் தாண்டவில்லை. ரிப்போர்ட் காலையும் மாலையும் போய் அளந்தாள். அக்கா ஒதுங்கி வழிவிடுவாள், பேச மாட்டாள். பொறியாளரோ ஒவ்வொரு மாலையும் கூடவே வந்து நின்று, திரையை எட்டிப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

புது அறிக்கைக்கு 'கற்றவை' பகுதியை மறுபடி எழுத வேண்டியிருந்தது. பழைய பத்தியை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாகப் பெரிதாக ஏதோ எழுதிப் பார்த்தாள். படித்தால் அவளுக்கே நடிப்பாகத் தெரிந்தது. கடைசியில், நடந்ததை உள்ளபடி எழுதினாள். தான் வராத நாட்களுக்கு அளவுகளை இட்டுக்கட்டியதையும், அதனால் லைனைச் சரியாக நிறுத்திய ஓர் ஆபரேட்டர் தண்டிக்கப்பட்டதையும், பேரிங் தேய்ந்திருந்ததையும். அரைப் பக்கம்கூட வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொறியாளரிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.

அவர் முதல் வரியிலிருந்து படித்தார். நிதானமாக, விரலை வைத்துக்கொண்டு. 'மேற்பார்வையாளர் சரிபார்க்கவில்லை' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. அவர் எதையும் மாற்றச் சொல்லவில்லை. பேனா மூடியைத் திறந்து, அந்த வரியின் கீழேயே தன் பெயரை முழுதாக எழுதிக் கொடுத்தார்.