இரண்டு பவுனம்மாளும் முப்பது வவுச்சரும்

தணிக்கைக்கு வரும் சுப்பராயன் சிரிக்கத் தெரியாதவர் என்று ஜோதிகாவுக்கு முன்கூட்டியே தகவல் வந்திருந்தது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஜெராக்ஸ் மிஷினுக்கும் ரீசார்ஜ் போர்டுக்கும் நடுவே ஒரு மேஜை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை மீனவக் குப்பத்துக்காரர்களுக்கு எடுத்துத் தரும் கவுன்டர் அதுதான். கடையே அந்த மேஜையால்தான் ஓடியது. தணிக்கை அறிக்கை கெட்டால் பணப் பரிமாற்றக் கம்பெனி கவுன்டரைப் பிடுங்கிக்கொள்ளும்.

மனிதர் டீகூட வேண்டாம் என்றுவிட்டார். அவள் கைக்காசிலிருந்து கொடுத்த ஒவ்வொரு தொகையும் கம்பெனியிடமிருந்து மறு வேலைநாளில் திரும்பி வந்ததா என்று வவுச்சரையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் வைத்து டிக் போட்டார். ஒரு ரூபாய் பிசகவில்லை. ஐம்பதாயிரத்துக்கு மேல் வந்த இரண்டு தொகைகளையும் ரொக்கமாகத் தராமல் வாங்குபவர் கணக்கிலேயே போட்டிருந்தாள். அதற்கும் டிக் விழுந்தது. ஜோதிகாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போதுதான் அவர் ஒரு தாளை அவள் பக்கம் திருப்பினார்.

"பவுனம்மாள், கணவர் பேர் தேசப்பன். ஜனவரியிலேருந்து முப்பது தடவை பணம் வாங்கியிருக்காங்க. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கே முப்பதுதான்மா கணக்கு. இது செப்டம்பர். குவைத்திலேருந்து எழிலன், கத்தாரிலேருந்து நிதிஷ். யார் பணத்தையோ இந்தம்மா பேர்ல எடுக்கறீங்களா?"

"ஐயோ, இல்ல சார்!"

"அப்ப இது என்ன?" வவுச்சர்களைப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். பென்சிலில் ஒன்றில் 'ஐஸ்' என்றிருந்தது, இன்னொன்றில் 'வலை'. முப்பதிலும் இந்த இரண்டில் ஒன்று இருந்தது. சுப்பராயன் குரலைத் தாழ்த்தினார். பேப்பரில் வரும் போதைப்பொருள் செய்தியெல்லாம் அவர் முகத்தில் ஓடியது. "இது யாருக்கு எழுதின அடையாளம்? ஐஸ்னா என்னம்மா?"

ஜோதிகா ஒரு நொடி விழித்தாள். பிறகு பயத்தையும் மீறிச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐஸுன்னா ஐஸு தான் சார்! மீனுக்குப் போட்ற ஐஸு. ஒரு பவுனக்கா ஐஸ் விக்குது, இன்னொரு பவுனக்கா வலை பின்னுது. ரெண்டு பேரு சார்!"

"கணவர் பேரும் ஒண்ணா?"

"குப்பத்துல சாமி பேரே தேசப்பன் தான் சார். வூட்டுக்கு ஒருத்தராவது இருப்பாங்க."

எங்கே வழுக்கியது என்று சொல்லும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வலை பவுனு முதன்முதலாக வந்த அன்று கம்ப்யூட்டரில் பெயரைத் தேடினாள். பெயர், கணவர், குப்பம் எல்லாம் பொருந்தி ஏற்கெனவே ஒரு பதிவு இருந்தது. அது எந்தப் பவுனுடையது என்று பார்க்காமல் அதிலேயே ஏற்றிவிட்டாள். வாக்காளர் அட்டையை நகலெடுத்து வவுச்சரோடு வைத்தவள், அட்டை எண்ணை மட்டும் ஒப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற முகத்துக்கு எண் எதற்கு என்று இருந்துவிட்டாள்.

"சொன்னா போதாது. ரெண்டு பேரையும் அசல் அட்டையோட நான் பார்க்கணும்" என்றார் சுப்பராயன்.

ஜோதிகா வாசலுக்கு ஓடி, எதிர்ச் சந்துப் பக்கம் பார்த்துக் கத்தினாள். "பவுனக்கா! வாக்காளர் அட்டை எட்துகினு வா!"

கால் மணி நேரத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள்.

"இன்னா பேஜாரு ஜோதி? எம்புள்ள பணம் இன்னா ஆச்சு?" என்றாள் ஐஸ் பவுனு.

சுப்பராயன் இரண்டு அட்டைகளை வாங்கி நகல்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்தினார். எண்கள் வேறு, முகங்கள் வேறு. ஐஸ் பவுனு கையெழுத்துப் போடுகிறவள், வலை பவுனு கைநாட்டு. வவுச்சர்களைப் பிரித்தால் பதினேழும் பதின்மூன்றும். குவைத்துப் பணமெல்லாம் ஐஸ் பக்கம், கத்தார் பணமெல்லாம் வலை பக்கம். யாரும் வரம்பைத் தாண்டவில்லை, யார் காசும் யார் கைக்கும் மாறிப் போகவில்லை.

அறிக்கையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினார்: "இரு வாடிக்கையாளர்கள் ஒரே பதிவில் ஏற்றப்பட்டது பிழை. தலைமை அலுவலகம் வழியாகப் பதிவைப் பிரிக்க வேண்டும். கவுன்டர் தொடரலாம்."

கடைசி இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் ஜோதிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம் தாங்காமல் ஐஸ் பவுனுவைக் கட்டிக்கொண்டாள்.

சுப்பராயன் பேனாவை மூடிவிட்டு, மூன்றாவதாக நின்ற பெண்ணைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"நானும் பவுனம்மா தான் சார். கூப்ட்டாங்க, வந்தேன். எம்புள்ளயும் அட்த்த மாசம் மஸ்கட் போறான்."

"கணவர் பேரு?" அவர் குரல் லேசாக நடுங்கியது.

அந்த அம்மாள் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். புருஷன் பேரைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. மற்ற இரண்டு பவுனம்மாள்களும் ஒரே குரலில் சொன்னார்கள். "தேசப்பன் சார்!"

சிரிக்கத் தெரியாத சுப்பராயன் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜோதிகா அதற்குள் புதுப் படிவத்தை எடுத்துக் கையை நீட்டியிருந்தாள்.

"பேரு கெடக்குதுக்கா. மொதல்ல அட்டைய குடு. நம்பர் சொல்லு."